ஒரு மாதச் சந்தா

திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்து ஐம்பத்தெட்டு வயதைத் தொட்டவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆட்கள் தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்கு மாறிவிடுவார்கள். எங்கள் கட்டிங் மாஸ்டர் மாறவில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மனைவியோடு வந்தவர், கம்பெனி சின்ன ஷெட்டில் இருந்த காலம் முதல் அங்கேயே இருந்தார். அவர் ஓய்வு பெறப்போகிறார் என்றதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நான் பர்சனல் டிபார்ட்மெண்டில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"மாஸ்டருக்கு என்னென்ன வரோணும்னு ஒரே பக்கத்துல எழுதிக் குடு கண்ணு. அவரு படிச்சாப் புரியோணும். பி.எஃப். ஆபீஸ்ல கேள்வி கேக்காதபடி இருக்கோணும்."

சர்வீஸ் ஃபைலையும் பழைய சம்பளப் பதிவேடுகளையும் எடுத்து வைத்துக்கொண்டேன். கூடவே கிராஜுவிட்டி சட்டப் புத்தகமும் பென்ஷன் திட்டக் கையேடும். கிராஜுவிட்டி சுலபம். கடைசி மாதத்து அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டும்தான் கணக்கில் வரும், ஓவர்டைம் வராது. அதை இருபத்தாறால் வகுத்து, பதினைந்து நாளைக்குப் பெருக்கி, சர்வீஸ் வருடத்தால் பெருக்க வேண்டும். கடைசியில் ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் அதுவும் ஒரு முழு வருடம். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். மாஸ்டருக்கு அதற்கு மேலேயே இருந்தது. பழைய குடும்பப் பென்ஷன் திட்டத்தில் சந்தா கட்டிய வருடங்களும் சேரும் என்று கையேட்டில் இருந்ததால் அதையும் குறித்துக்கொண்டேன்.

இடித்தது ஒன்றுதான். அவருடைய நாமினேஷன் தாளில் மனைவியின் பெயர் அப்படியே இருந்தது. அந்த அம்மா இறந்து எட்டு வருடம் ஆகிவிட்டது என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். பென்ஷன் விண்ணப்பத்தில் குடும்ப விவரம் எழுத வேண்டும். கட்டிங் டேபிளுக்குப் போய் அவரிடம் இறப்புச் சான்றிதழ் கேட்டேன்.

"ஊர்ல பெட்டிக்குள்ள கெடக்கும்மா," என்றார். "அவளும் இங்க செக்கிங்ல வேலை பாத்தவதான. அவ ஃபைல்ல ஒரு நகல் இருக்கும், பாருங்க."

ஸ்டோர் ரூமில் தேடி அந்த ஃபைலை எடுத்தேன். மஞ்சள் காமாலை முற்றி, வேலையில் இருந்தபோதே இறந்திருந்தார். சான்றிதழ் நகல் இருந்தது. அதன் மேல், எனக்கு முன்பு எப்போதோ என் நாற்காலியில் இருந்தவர் எழுதிய குறிப்பு: 'சர்வீஸ் ஐந்து வருடம் முடியவில்லை, கிராஜுவிட்டி இல்லை. பத்து வருடம் முடியவில்லை, பென்ஷன் தகுதி இல்லை. பி.எஃப். தொகை மட்டும் பைசல்.' கீழே மாஸ்டரின் கையெழுத்து.

ஃபைலோடு மேஜைக்கு வந்துவிட்டேன். பத்து வருடம் என்பதை அன்று காலையில் நானே என் தாளில் எழுதியிருந்தேன். கையேட்டில் அந்த விதியைத் திரும்பப் பார்க்கலாம் என்று புரட்டினேன். பத்து வருடம் என்பது ஓய்வு பெறுகிறவருக்கு. வேலையில் இருக்கும்போது இறந்தவருக்கு வேறு பத்தி. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். கணவனுக்கோ மனைவிக்கோ பென்ஷன் உண்டு, பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வயது வரை தனியாக உண்டு. கிராஜுவிட்டி புத்தகத்தைத் திறந்தேன். இறப்பு நேர்ந்தால் ஐந்து வருடம் தேவையில்லை என்று அதிலும் இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த அம்மா கிட்டத்தட்ட நாலு வருடம் வேலை பார்த்திருந்தார். இந்தப் புதிய பென்ஷன் திட்டம் வந்த பிறகும் அவர் சம்பளத்தில் மாதாமாதம் சந்தா பிடித்திருந்தது.

மேனேஜரிடம் இரண்டு புத்தகத்தையும் விரித்துக் காட்டினேன். "பத்து வருசங்கறது உசுரோட ரிட்டையர் ஆறவங்களுக்குங்க சார். இவங்களுக்கு அது பொருந்தாதுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்தப் புள்ளை அப்பத்தான் பள்ளிக்கூடத்த உட்டுது," என்றார்.

மாஸ்டரின் ஒரே மகள். அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாளாம். ஆஸ்பத்திரிக் கடனுக்காகப் பள்ளியை நிறுத்திவிட்டு வேலைக்கு வந்தவள், இப்போது எங்கள் கம்பெனியிலேயே டெய்லர்.

மாஸ்டரை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, மேனேஜர் எதிரில் உட்காரச் சொன்னேன். அவருக்கு வரவேண்டியதை முதலில் படித்துக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு அவர் மனைவியின் ஃபைலை எடுத்தேன்.

"சான்றிதழ எடுத்தாச்சில்லா, இன்னும் அவ ஃபைலு எதுக்கும்மா?"

சொன்னேன். கூடிய மட்டும் மெதுவாகச் சொன்னேன். நான் முடித்த பிறகு அவர் அந்தப் பழைய குறிப்பைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இது என் கையெழுத்துதான்."

"உங்க மேல தப்பில்லீங்க மாஸ்டர். அப்ப ஆபீஸ்ல சொன்னதுக்குத்தானே போட்டீங்க."

"செத்த பொறவும் அவ எங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டுதான் இருந்திருக்கா. நாந்தான் வாங்காம இருந்திருக்கேன்."

மேனேஜர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

கிராஜுவிட்டியை வட்டியோடு கொடுக்க முதலாளி ஒப்புக்கொண்டார். பென்ஷனுக்குக் கோயம்புத்தூர் பி.எஃப். ஆபீஸுக்கு விண்ணப்பம் போக வேண்டும். மகளுக்கு வயதுச் சான்று தேவைப்பட்டது. பள்ளியில் கொடுத்த மாற்றுச் சான்றிதழைக் கொண்டுவந்தாள். ஒன்பதாம் வகுப்பு, இடையில் நின்றவர் என்று அதில் இருந்தது. அவளுக்கு இருபத்தைந்து ஆக இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

"அது வரைக்கும் மாசாமாசம் வருங்களா அக்கா?"

"வரும். அம்மா போன நாளிலிருந்து கணக்குப் போட்டு, பழைய பாக்கியும் சேர்ந்து வரும்."

சான்றிதழை மடித்தாள், மறுபடி பிரித்தாள். "அப்பவே வந்திருந்தா நான் படிச்சிருப்பனுங்களா?"

பெரிய தொகை இல்லை என்று சொல்லியிருக்கலாம். உண்மையிலேயே பெரிய தொகை இல்லை. ஆனால் கிராஜுவிட்டியும் சேர்ந்து வந்திருந்தால் அந்தக் கடன் அடைந்திருக்கும். அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"படிச்சிருப்பே," என்றேன்.

"நான் கணக்குல எப்பவும் ஃபஸ்ட் வருவேங்கக்கா." அதைச் சொல்லிவிட்டு, லைன் சூப்பர்வைசர் தேடுவார் என்று எழுந்து போனாள்.

ஆறேழு மாதம் அலைந்த பிறகு இருவருக்கும் பென்ஷன் வந்தது. மாஸ்டர் ஓய்வு பெற்றிருந்தார்; அவருடைய சொந்தப் பென்ஷன் தனி, மனைவியின் பென்ஷன் தனி. மகளைப் பிரைவேட்டாகப் பத்தாவது எழுதச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தாளே தவிர விண்ணப்பம் வாங்க வரவில்லை. அடுத்த தை மாதம் கல்யாணமாகி மங்கலம் ஊருக்குப் போய்விட்டாள்.

பென்ஷன் வாங்குகிறவர்கள் நவம்பரில் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். மனைவியின் பென்ஷனை வாங்குகிறவர் மறுமணம் செய்யவில்லை என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் நவம்பரில் மாஸ்டர் அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்தார். நான் நிரப்பிப் படித்துக் காட்டினேன்.

"இத வருசா வருசம் கேப்பாவளாம்மா?"

"ஆமாங்க மாஸ்டர். வருசா வருசம்."

"கேக்கட்டும்," என்றார். பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.