மெயிலுக்கு அடியில் இருந்த நம்பர்

எங்கள் பல் செட் லேபில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. நான் பிளாஸ்டர் மாவு குழைத்துப் பல் அச்சு ஊற்றுகிறவள், ஆகவே என் பெயர் மாவு. செயற்கைப் பற்களை மெழுகில் நட்டு வரிசை பிடிக்கிறவர் மெழுகு அக்கா. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அக்கா குள்ளமானவர். ஸ்டூலில் ஒரு தலையணை போட்டுத்தான் உட்காருவார். மெழுகுக் கத்தியை விளக்கில் காட்டி, ஒரு பல்லை நட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, "கொஞ்சம் உள்ள போடா தங்கம்" என்று அந்தப் பல்லிடமே சொல்வார். மனிதர்களிடம் அவ்வளவு கொஞ்சிப் பேசி நான் கேட்டதில்லை.

லேபில் ஒரு சட்டம் உண்டு. எங்கள் வேலை முழுக்க எழுத்தில்தான் போகும், வரும். நோயாளியை நாங்கள் பார்ப்பதில்லை. டாக்டர் அனுப்பும் அச்சும் ஒரு சீட்டும்தான் எங்களுக்குத் தெரிந்த நோயாளி. ஒருமுறை ஒரு டாக்டர் சந்தேகத்தைக் கேட்காமலே விட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றோடொன்று சேராத பல் செட் ஒன்று ஒரு பெரியவரின் வாய்வரை போய்விட்டது. அன்றிலிருந்து முதலாளி சொல்வார்: "அடியில நம்பர் இல்லாம இங்கிருந்து ஒரு ஈ கூட வெளிய போகக் கூடாது." சீட்டானாலும் மெயிலானாலும், கடைசியில் 'சந்தேகம் இருந்தால் லேபுக்குப் போன் செய்யவும்' என்று எழுதி லேப் நம்பரைப் போட வேண்டும். எழுதி எழுதி அக்காவின் கைக்கு அது மூச்சு விடுவது போல ஆகிவிட்டது.

அக்காவின் வீட்டுக்காரர் வெளிநாட்டில் பஸ் ஓட்டுகிறார். போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அக்காவையும் மகளையும் அங்கே அழைத்துக்கொள்ளக் குடும்ப விசாவுக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். அந்த ஊரில் ஒரு பல் லேபில் மெழுகு வேலைக்கு உதவியாளர் வேண்டும் என்று போட்டிருப்பதை அவர்தான் பார்த்துச் சொன்னார். இங்கே யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் நான் யாரிடமும் எதுவும் பேசாதவள்.

முதலாளியிடம் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. முன்பு எங்களிடம் இருந்த பாலிஷ்காரர், நல்ல மனிதர், "மூணு மாசத்துல வேற ஊருக்குப் போறேன் சார்" என்று முன்கூட்டியே சொன்னார். "மனசு போயிடுச்சு, உடம்பு மட்டும் எதுக்கு இங்க?" என்று அன்று மாலையே அவரை அனுப்பிவிட்டார் முதலாளி. விசா வருமா வராதா என்று தெரியாமல் அக்கா வாயைத் திறந்தால் அதே கதைதான். இங்கே இருப்பதும் போகும், அங்கே கிடைக்கப்போவதும் நிச்சயமில்லை. நடுவில் மகளுடைய படிப்பு.

அந்த வெளிநாட்டு லேபுக்கான மெயிலை மதிய இடைவேளையில், மாவு மூட்டைகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து எழுதினார். வீட்டுக்காரர் போனில் இருந்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் எனக்கும் கேட்டது.

"உடனே சேருறேன்னு எழுது. இன்னும் நாலஞ்சு மாசம் ஆகும்னா எவன் திரும்பிப் பார்ப்பான்?"

"அப்புறம் நாளைக்கே வான்னா? பறந்தா போறது?"

"அதை அப்ப பார்த்துக்கலாம்."

"என்னங்க, பொய்யில நட்ட பல்லு முதல் கடியில தெரிஞ்சிடும். நான் உள்ளதை எழுதுறேன்."

"உனக்குப் பல்லை விட்டா வேற உவமையே கிடையாதா?"

"பஸ்ஸு உவமை நீங்க சொல்லுங்க."

அக்கா உள்ளதைத்தான் எழுதினார். ஒவ்வொரு வரியையும் தமிழில் எனக்குச் சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்த லேப் ஆங்கிலத்தில் தட்டினார். கணவர் அங்கே வேலையில் இருக்கிறார். குடும்ப விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம், முடிவு இன்னும் வரவில்லை. அந்த விசாவிலேயே வேலை செய்யும் உரிமை உண்டு என்பதால் எனக்காக நீங்கள் எந்த அனுமதியும் வாங்க வேண்டாம். மகளின் பரீட்சை முடிந்ததும் புறப்படத் திட்டம். வந்து வீடு, பள்ளி பார்க்க இரண்டு வாரம் வேண்டும், அதற்குப் பிறகு எந்த நாளும் சேரலாம். விசா தாமதமானால் இந்தத் தேதிகளும் தள்ளும், அப்படியானால் உடனே தெரிவிப்பேன். அதற்கு முன் வீடியோவில் பேச எப்போதும் தயார். தானே பழகுவதற்காகச் செய்து வைத்திருந்த ஒரு மாதிரிப் பல் வரிசையின் படத்தையும் இணைத்தார். அனுப்பிவிட்டு, பிரசவம் முடிந்தவர் போல மூட்டையில் சாய்ந்துகொண்டார்.

மறுநாள் காலை அந்த மெயிலை எடுத்து எனக்குக் காட்டினார். "எப்படி, அழகா இருக்கில்ல?"

எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் அடியில் இருந்தது எழுத்தல்ல, எண். தினமும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டுகிற எண்.

"அக்கா, இது..."

"எது?"

நான் விரலை வைத்தேன். அக்கா பார்த்தார். முகம் மாவு மாதிரி வெளுத்தது.

"சந்தேகம் இருந்தால் லேபுக்குப் போன் செய்யவும்," என்று மெதுவாகப் படித்தார். "அடிப்பாவி... என் குழியை நானே வெட்டி, வழியும் எழுதி அனுப்பியிருக்கேனே!"

உடனே இன்னொரு மெயில் போனது. அந்த நம்பருக்குப் பேச வேண்டாம், நான் போவது முதலாளிக்கு இன்னும் தெரியாது, இந்த மெயிலுக்கே எழுதுங்கள் என்று. பதில் வரவில்லை. அதைப் படித்தார்களா என்பதும் தெரியவில்லை.

அங்கே அலுவலகம் திறக்கும்போது இங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். ஆகவே காலையில் போன் அடித்தால் அக்கா தலையைக்கூடத் திருப்ப மாட்டார். மதியத்துக்கு மேல் அடித்தால் ஸ்டூலிலிருந்து குதிப்பார். போன் இருந்தது முதலாளியின் கண்ணாடி அறை வாசலில், சுவர்ப் பலகையில். அக்கா வேலையை விட்டு எழுந்து போக முடியாத நேரங்களில் நான் அந்தப் பக்கமாகவே பெருக்கிக்கொண்டிருப்பேன். பெருக்கிய இடத்தையே பெருக்கி அங்கே தரை தேய்ந்திருக்கும்.

ஒருநாள் போன் அடித்ததும் அக்கா சூடான கத்தியைத் தொடையில் போட்டுக்கொண்டார். பேசியது ஒரு டாக்டர், பல்லின் நிறத்தை மாற்றச் சொல்லி.

முதலாளி கண்ணாடிக்கு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, போன்ல உன்னைப் பொண்ணு பார்க்க வராங்களா? இந்த ஓட்டம் ஓடுற!"

"இல்ல சார்... அவசர கேஸ் ஒண்ணு."

"எல்லாமே அவசரம்தான். பல்லில்லாதவனுக்குப் பொறுமை ஏது?"

அப்படியே ஒரு வாரம் ஓடியது. இனி வராது என்று நாங்கள் மூச்சு விட ஆரம்பித்த நேரம். அக்கா பின்னறையில் கொதிநீரிலிருந்து அச்சுப் பெட்டிகளை இடுக்கியால் எடுத்து மெழுகை உருக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். நடுவில் விட்டு வர முடியாது. எனக்கு முழங்கைவரை மாவு. போன் அடித்தது. ஓடிப்போய் மாவுக் கையாலேயே எடுத்தேன்.

ஒரு பெண் குரல், வேகமான ஆங்கிலம். அதற்குள் அக்காவின் நிஜப் பெயர். அந்தப் பெயரை எங்கள் லேபில் யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. வைத்துவிடலாம் என்று கை நினைப்பதற்குள் முதலாளி பின்னால் நின்றார்.

"ஏன் சிலை மாதிரி நிக்கிற? குடு."

ரிசீவரைக் காதில் வைத்தார். "யெஸ்" என்றார். பிறகு மெதுவாக இரண்டு மூன்று வாக்கியங்கள். வைத்துவிட்டு, ரிசீவரில் இருந்த மாவைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"மெழுகை வரச் சொல்லு."

அக்கா வந்தார். கையில் இடுக்கி அப்படியே இருந்தது.

"யாரு பேசினாங்க தெரியுமா?"

"தெரியும் சார்."

"பாலிஷ்காரனுக்கு நான் என்ன செஞ்சேன்னு தெரியுமா?"

"தெரியும் சார். அதனாலதான் சொல்லல."

இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"விசா வந்துடுச்சா?"

"இல்ல."

"வராமலே போச்சுன்னா?"

"இங்கதான் இருப்பேன். நீங்க வச்சிருந்தா."

"அந்தம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? இவங்க எழுதின தேதியெல்லாம் நம்பலாமான்னு. எனக்கு எந்தத் தேதின்னே தெரியாது. நான் என்னத்தைச் சொல்ல?"

"என்ன சொன்னீங்க சார்?"

"நீ நடுற பல்லு சொன்ன நாள்ல வரும்னு சொன்னேன். ஆளைப் பத்தி எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்னு சொன்னேன்."

அக்கா இடுக்கியை மேசையில் வைத்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்து, தன் செல்போனை எடுத்து, அந்த மெயிலை முதல் வரியிலிருந்து தமிழில் சொல்ல ஆரம்பித்தார். விசா, பரீட்சை, இரண்டு வாரம், தாமதமானால் தெரிவிப்பேன் என்பதுவரை. முடிவில் அந்த நம்பரையும் விடாமல் படித்தார்.

"அவங்களுக்கு என்ன எழுதினேனோ அதுதான் உங்களுக்கும். இதுக்கு மேல எனக்கே தெரியாது சார்."

முதலாளி ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "என்னைக்கு வேலையை விட்டு நிக்கிறேன்னு தேதி போட்டு எழுதிக் குடு."

"மாட்டேன்."

அக்கா தாளை அவர் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"விசா வந்த அன்னைக்கு முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன். அதுலேர்ந்து ஒரு மாசம் முழுசா வேலை பார்ப்பேன். கையில இல்லாத விசாவுக்கு நான் எந்தத் தேதியைப் போடுறது?"

"நான் இப்பவே ஆள் தேடுவேன்."

"தேடுங்க."

"ஆள் கிடைச்சு, உனக்கு விசா வரலைன்னா?"

அக்கா இடுக்கியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குத் திரும்பினார். தாள் மேசையில் வெறுமையாகவே கிடந்தது.

அன்று மாலை அந்த லேபிலிருந்து மெயில் வந்தது. இரண்டாவது மெயிலை இன்றுதான் பார்த்தோம், மன்னிக்கவும். விசா கையில் கிடைத்ததும் எழுதுங்கள், வீடியோவில் பேசுவோம், அதுவரை இடத்தைப் பிடித்துவைக்க எங்களால் முடியாது. அவ்வளவுதான்.

அடுத்த வாரங்களில் புதிதாக ஆட்கள் வந்து வேலை செய்து காட்டிவிட்டுப் போனார்கள். அக்காவின் ஸ்டூலில், அக்காவின் தலையணையில் உட்கார்ந்து பல் நட்டார்கள். அக்கா ஓரமாக நின்று பார்ப்பார். கடைசியாக வந்த பெண்ணுக்குக் கை நன்றாக இருந்தது. முதலாளி அவளிடம் வெகுநேரம் பேசினார். அன்று அக்கா மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "நல்லாத்தான் நடுறா," என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் முதல் தேதி வரச் சொல்லியிருப்பதாகப் பிறகு தெரிந்தது. ஸ்டூல் ஒன்று, ஆள் இரண்டு.

முதல் தேதிக்குச் சில நாட்கள் இருந்தபோது, அக்காவின் போன் மேசையில் ஒருமுறை அதிர்ந்தது. பார்த்தார். விளக்கை அணைத்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் நேராகக் கண்ணாடி அறைக்குப் போனார். நான் பெருக்குமாறை எடுத்துக்கொண்டேன்.

"வந்துடுச்சு சார்."

"வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்ல. முதல்ல உங்ககிட்ட சொல்றேன்னுதானே சொன்னேன்."

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றினார்.

"ஒரு மாசம்."

"ஒரு மாசம் சார். முழுசா."

"அந்தப் பொண்ணுக்கு வேற ஸ்டூல் வாங்கணும்," என்றார் எரிச்சலாக. அக்கா திரும்பும்போது சத்தம் போட்டார்: "இப்பவே அவங்களுக்கு எழுதிடு! இந்தத் தடவை அடியில நம்பர் மட்டும் போட்டா போதாது, என் பேரையும் போடு. போன் பண்றவங்க யார்கிட்ட பேசணும்னு தெரியாம மாவுகிட்ட மாட்டிக்கிறாங்க."

அக்கா மூட்டை மேல் உட்கார்ந்து எழுதினார். ஒரே சொல்லை மூன்று தடவை அழித்து எழுதினார். நான் பக்கத்தில் நின்று, எனக்குத் தெரிந்த அந்த எண்ணை மட்டும் சரிபார்த்தேன்.

அப்போது வெளியே போன் அடித்தது. அக்கா எழுந்திருக்கவில்லை.

"நீயே எடு மாவு."

கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்தேன். "லேப்தான்," என்றேன். "சொல்லுங்க."