குலதெய்வம் என்று ஒரு கட்டம்

தங்கப்பொண்ணு வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தாள். நான் அந்த வட்டாரத்துக்கு மேற்பார்வை நர்ஸ். அதனால் அவளை எனக்கு நன்றாகத் தெரியும். சுத்தமான கை. பதற்றம் கிடையாது. பிரசவத்தில் யாராவது கூச்சல் போட்டால் அவள் குரல் இன்னும் இறங்கும்.

அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பன் இறந்துவிட்டார். தாய் அவளைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தாள். தாய்மாமன் வெள்ளைத்துரைதான் இருவரையும் வைத்துக் காப்பாற்றினார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்று விளாங்குடியில் இருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துநாலு வாக்கில் தங்கப்பொண்ணுக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகிற பெண், தகப்பன் இல்லை, வயது கூடிவிட்டது என்று வந்த வரன்கள் எல்லாம் விலகின. இனி ஒரு வரன் வந்தால் அதுவே கடைசி என்று மாமன் நினைத்தார்.  அவள் டவுனுக்குப் போய் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தாள்.

மாமன் தன் கையால் பயோடேட்டா எழுதியிருந்தார். முழு நீளத் தாள் ஒன்று. மேலிருந்து கீழ்வரை பத்தி பத்தியாக, இடைவெளியே இல்லாமல், பெண்ணின் பொறுமை, படிப்பு, தகப்பன் போன கதை, மாமன் வளர்த்த கதை, எல்லாம் இருந்தது. கல்யாணத் தரகர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதைப் படிக்க மாப்பிள்ளை வீட்டார் லீவு போட வேண்டும் என்றாராம். டைப் அடித்துக் கட்டம் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் தட்டச்சுக் கடை வைத்திருந்த கண்ணுச்சாமியிடம் போனார்கள். தங்கப்பொண்ணு கேட்டுக்கொண்டதால் நானும் போனேன். கண்ணுச்சாமி பத்திகளை ஒருமுறை படித்தார். பெயர், வயது, நட்சத்திரம், படிப்பு, வேலை, உயரம், தாய் தகப்பன், குலதெய்வம், விலாசம் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். தமிழ் மெஷினில் தாள் ஏற்றி இரண்டு இடத்தில் நிறுத்தம் வைத்தார். இடது பக்கம் தலைப்பு, வலது பக்கம் விவரம். மேலே வலது ஓரத்தில் போட்டோவுக்கு இடம் விடவேண்டும் என்பதால் முதல் சில வரிகளைப் பாதியிலேயே நிறுத்தினார். ஒவ்வொரு வரிக்கும் அடியில் அடிக்கோடு சாவியைத் தட்டிக்கொண்டே போனார். நெட்டுக்கோடு மெஷினில் வராது. தாளை உருவி, அடிமட்டம் வைத்து, பேனாவால் இழுத்தார். கட்டம் தயார். கார்பன் வைத்ததால் பிரதிகளும் வந்தன. கோடு மட்டும் ஒவ்வொன்றிலும் தனியாகப் போடவேண்டியிருந்தது.

படித்துப் பார்க்கச் சொன்னார். மாமன் விரலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். பெயர் சரி. நட்சத்திரம் சரி. குலதெய்வம், கல்லுக்கட்டுக் கருப்பசாமி. சரி. சர்க்கார் காகிதம் மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். தங்கப்பொண்ணு கட்டத்துக்குள் போட்டோவைக் கோந்து தடவி ஒட்டினாள். ஓரத்தில் பிதுங்கிய கோந்தைக் கைக்குட்டையால் துடைத்தாள்.

அந்தத் தாள் உசிலம்பட்டிப் பக்கம் அழகுமலை வீட்டுக்குப் போனது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. அம்மா ஒச்சாயி மட்டும்தான். பெண்ணைப் பிடித்திருக்கிறது, வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறோம் என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். தங்கப்பொண்ணு என்னிடம் அந்த வெள்ளிக்கு லீவு கேட்டாள். நான் கொடுத்தேன்.

வியாழக்கிழமை அழகுமலை சுகாதார நிலையத்துக்குத் தனியாக வந்தான். தடுப்பூசி நாள், மேற்பார்வைக்கு நானும் அங்கே இருந்தேன். தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். அவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பயோடேட்டாத் தாள் இருந்த ஒரு கவரை மேஜைமேல் வைத்தான். சம்பந்தம் இல்லையென்று ஆனபிறகு ஒரு பெண்ணின் போட்டோவை வைத்திருக்கக் கூடாது என்று, தரகரிடம்கூடக் கொடுக்காமல் தானே கொண்டுவந்திருந்தான். போட்டோவைப் பார்த்துச் சரி சொன்னவர்கள் குலதெய்வக் கட்டத்தைப் பிறகுதான் கவனித்திருக்கிறார்கள். அவர்கள் குடும்பத்துக்கும் அதே கல்லுக்கட்டுக் கருப்பசாமிதான் குலதெய்வம். கோயில் தகப்பன் வழியில் வருவது. ஒரே கோயில் என்றால் பங்காளி, பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை.

“மனசுல ஒண்ணும் வச்சுக்கிறாத தங்கச்சி,” என்றான். “ஒனக்கு நல்ல எடமா நானே பாக்குறேன். ஒரு அண்ணன் இருக்கான்னு நெனச்சுக்க.”

அவள் சரி என்றாள். கவரை மேஜை டிராயருக்குள் வைத்தாள். அடுத்த குழந்தையின் தொடையைப் பிடித்து ஊசி போட்டாள். நான் அவள் கையைத்தான் பார்த்தேன். அது அடுத்த ஊசிக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் விளாங்குடியில் அவள் கொண்டுவந்து கொடுத்த கவரை மாமன் பிரித்துக் கட்டத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கருப்பசாமி அவருடைய கோயில். தங்கப்பொண்ணு போய்ப் பார்த்திராத அவள் தகப்பன் வழிக் கோயில் ஆத்தங்கரை ஐயனார். மாமன் பத்தியில் இரண்டையும் எழுதியிருந்தார். பெண் பிறந்தது ஐயனார் கோயிலுக்கு, ஆனால் மாமன் வீட்டில் வளர்ந்ததால் வணங்கி வருவது கருப்பசாமியை என்று ஒரே நீள வாக்கியமாக இருந்தது. கண்ணுச்சாமி வேறு ஊர்க்காரர், வேறு ஆட்கள்; தகப்பன் வழிச் சாமிதான் கணக்கு என்பது அவருக்குத் தெரியாது. குலதெய்வம் என்ற கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். வணங்கி வருவது எதுவோ அதைப் போட்டுவிட்டார். படித்துப் பார்த்த மாமனுக்கோ சொந்தச் சாமியின் பெயர் கண்ணில் உறுத்தவில்லை.

இதில் இன்னொன்றும் இருந்தது. தங்கப்பொண்ணின் தாய் கருப்பசாமி கோயில் வகையறாவில் பிறந்தவள் என்றால் அவள் அழகுமலைக்கு அத்தை முறை. அவள் மகள் அவனுக்கு முறைப்பெண். தேடினாலும் இப்படி ஒரு பொருத்தம் வாய்க்காது.

மாமன் மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினார். நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். ஒச்சாயி கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாளாம். “அவசரக் குடுக்கை. போட்டோவக் குடுத்துட்டு வாடான்னா, ஒறவையும்ல சேத்துக் குடுத்துட்டு வந்திருக்கான்,” என்று மகனைத் திட்டினாளாம். அவளுக்குச் சம்மதம்தான். அழகுமலைதான் அசையவில்லை. மாமன் பங்காளி ஆனதால் அவரை முறைவைத்தே கூப்பிட்டான்.

“பெரியப்பா, அம்புட்டுச் சனத்துக்கு முன்னாடி வாய் நெறையத் தங்கச்சின்னு கூப்பிட்டேன். இனி எந்த மூஞ்சிய வச்சுத் தாலி கட்ட?”

“தெரியாமத்தானப்பா கூப்பிட்ட.”

“தெரிஞ்சோ தெரியாமலோ, அவ சரின்னுட்டால்ல.”

 மாமன் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார்.

கண்ணுச்சாமி கேள்விப்பட்டு வருத்தப்பட்டார். தந்தை வழி, தாய் வழி என்று கட்டத்தை இரண்டாகப் பிரித்துப் புதிதாக அடித்துக் கொடுத்தார். மாமன் அதைத் தங்கப்பொண்ணிடம் நீட்டி, ஒட்டுவதற்குப் போட்டோ கேட்டார். இல்லை என்றாள். இன்னொன்று எடுக்கலாம் என்றார். லீவு இல்லை என்றாள். அந்தத் தாள் அப்படியே போட்டோ இல்லாமல் தரகரிடம் சில காலம் இருந்தது. போட்டோ இல்லாத பெண்ணை யாரும் விசாரிக்கவில்லை. மாமனும் பிறகு கல்யாணப் பேச்சை விட்டார்.

அவள் அழுது நான் பார்க்கவில்லை. சோறு சரியாகச் சாப்பிட்டாள், வேலையில் குறை வைக்கவில்லை. நோயாளிகளிடம் இப்படி ஒரு நிலையைப் பார்த்திருக்கிறேன், வலி இருக்கிறதா என்று கேட்டால் தெரியவில்லை என்பார்கள். அதற்கு மருந்து எழுத முடியாது. 

அழகுமலை வாக்குத் தவறவில்லை. தீபாவளிக்குச் சேலை கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு வரன்கள் சொன்னான். அவள் வேண்டாம் என்றதும் வற்புறுத்தவில்லை. அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் எங்கள் வட்டாரத்துக்காரி, அதனால் தலைப்பிரசவத்துக்கு இங்கேதான் வந்தாள்.

பிரசவம் பார்த்தது தங்கப்பொண்ணு. நீளமான வலி, சிக்கல் எதுவும் இல்லை. ஆண் குழந்தை. கொடியைக் கட்டி வெட்டி, துடைத்து, துணியில் சுற்றினாள். நான் பக்கத்தில் இருந்தேன். ஒச்சாயி ஒரு கிண்ணத்தில் சீனித்தண்ணீரோடு உள்ளே வந்தாள். பிறந்த பிள்ளைக்கு முதலில் நாக்கில் தொட்டு வைக்கிற சேனை. பிள்ளைக்கு அதை வைக்கிறவரின் குணம் வரும் என்பார்கள்.

“அத்தைக்காரி நீதான் வைக்கணும் தாயி. ஒன் பொறுமை இவனுக்கு வரட்டும்.”

தங்கப்பொண்ணு கிண்ணத்தை வாங்கி ஜன்னல் ஓரம் வைத்தாள்.

“சீனித்தண்ணி வேணாம். மொதல்ல தாய்ப்பால் குடிக்கட்டும்.”

“நர்சம்மாவாச் சொல்றியா, அத்தையாச் சொல்றியா?”

 தங்கப்பொண்ணு குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துப் படுக்கவைத்தாள். அது வாயால் தேடிப் பிடிக்கும்வரை அதன் பின்கழுத்தைத் தாங்கிக்கொண்டு நின்றாள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.