சாயந்திரத்துக்கு ஆள் இல்லை

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் அவளை எல்லோரும் 'லேப் அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷ சர்வீஸ். முதுகலை வேதியியலை முப்பத்தைந்து வயதுக்கு மேல், வேலை முடிந்து மாலைக் கல்லூரிக்கு ஓடி ஓடிப் படித்து முடித்தவள். அப்போது அவளுக்குக் காலை ஷிப்ட்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒருநாள் அவசரத்துக்கு மாலை ஷிப்ட் பார்த்தாள். தொட்டித் தண்ணீரில் குளோரின் துளிகூட இல்லை. மேலதிகாரி போனை எடுக்கவில்லை. தன் பொறுப்பிலேயே பம்பை நிறுத்தச் சொன்னாள். மறுநாள் மேனேஜர் எல்லோர் முன்னாலும் கைதட்டிப் பாராட்டினார். மறுவாரம் அவளை நிரந்தரமாக மதியம் இரண்டு முதல் இரவு பத்து மணி ஷிப்டில் போட்டார்.

அவள் படித்த அதே கல்லூரியிலிருந்து இந்த வருஷம் கடிதம் வந்தது. பகுதிநேர விரிவுரையாளர் வேலை. திங்கள், புதன், வெள்ளி, மாலை ஆறிலிருந்து எட்டு, செய்முறை வகுப்பு. பத்து நாளுக்குள் சம்மதக் கடிதமும், வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஆட்சேபணையில்லாச் சான்றும் தர வேண்டும். கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் நீட்டினாள்.

"போ. யார் வேணாம்னா?" என்றார் அவர், காலை மிதியிலிருந்து எடுக்காமலே. "ஷிப்டை மாத்திக் கேளு."

காலை ஷிப்டில் இருந்தவனுக்குப் பட்டப்பெயர் 'கொட்டாவி'. அவளைப் போலவே முதுகலை படித்தவன். ஆனால் வேலை என்றால் வாய் தானாகப் பிளக்கும். அவனிடம் போய், "வாரத்துல மூணு நாள் மட்டும் மாத்திக்கலாமாப்பா?" என்று கேட்டாள்.

"எனக்கென்னக்கா, சரிதான். ஆனா சார் விடணுமே."

மேனேஜர் விடவில்லை.

"அவன் காலையில சொதப்பினா திருத்த நாங்க பத்துப் பேர் இருக்கோம்மா. சாயந்திரம் யாரு இருக்கா? நைட்டு ஊருக்கே போற தண்ணி. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் நான் வீட்ல நிம்மதியா சாப்பிடுறேன்."

"மூணே நாள்தான் சார்."

"உங்களை விட்டா ஆள் இல்லம்மா." அதைப் பெரிய பாராட்டு போலச் சொல்லி, தேநீரும் வரவழைத்தார். அவள் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

எட்டாம் நாள் காலையில் கல்லூரிக்குப் போனாள். துறைத் தலைவி நல்ல மாதிரி. "சனிக்கிழமை காலையில வச்சுத் தரலாம்னு பார்த்தேன். ஆனா அன்னைக்கு லேப் வேற பிரிவுக்குப் போயிடுது. நான் என்ன பண்ண?" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டாள். லேப் அம்மா அந்த மேஜையிலேயே நின்றபடி எழுதிக் கொடுத்தாள். 'என் முதன்மைப் பணியின் நேரத்தோடு வகுப்பு நேரம் மோதுவதால், இப்பொறுப்பை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன்.' அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதி முடித்திருந்தாள். அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, ஷிப்ட் மாற்றும் நேரத்தில் கொட்டாவி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, அந்தக் காலேஜ் வேலை... காலியாத்தான் இருக்குன்னு சொன்னாங்க. போட்டேன். கிடைச்சிடுச்சு."

"சான்று?"

"சார் உடனே கையெழுத்துப் போட்டுட்டார். ரெண்டு மணிக்கு மேல நீ எங்க போனா எனக்கென்னன்னுட்டார்."

தப்பு என்று சொல்ல எதுவுமில்லை. அவன் நேரம் அவனுக்கு மோதவில்லை. அவள் எழுதிக் கொடுத்த பிறகுதான் கேட்டிருக்கிறான். பார்க்கப்போனால் யாரும் அவளை ஏமாற்றவில்லை. நம்ப முடியாதவன் என்பதால் அவனுக்கு மாலை கிடைத்தது, அவ்வளவுதான். "நல்லாப் பண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு மாதிரிக் குப்பிகளை எடுக்கப் போனாள்.

வீட்டில் சொன்னபோது புருஷன் மெஷினை நிறுத்தினார். "நீயும் கொஞ்சம் சொதப்பியிருக்கணும்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் சோற்றை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

அடுத்த வாரமே கொட்டாவி நோட்டும் கையுமாக வந்து நின்றான்.

"அக்கா, தண்ணியோட கடினத்தன்மை பார்க்கிற டைட்ரேஷன்ல பஃபர் கரைசல் எதுக்கு ஊத்துறோம்னு ஒரு பொண்ணு கேட்டுடுச்சு. நாளைக்குச் சொல்றேன்னு சமாளிச்சுட்டேன். கொஞ்சம் சொல்லுங்களேன்."

அவளுக்கு அது மனப்பாடம். பஃபர்தான் பிஎச் அளவைப் பத்தில் பிடித்து வைக்கும்; அது இல்லாவிட்டால் நிறம் ஒழுங்காக மாறாது, முடிவுப் புள்ளி தெரியாது. அதை இரண்டு கண்ணாடிக் குவளையை வைத்து அந்தப் பெண்ணுக்கே கண் முன்னால் காட்டிவிடலாம். எந்த வரிசையில் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறும் என்பதுகூட அவளிடம் தயாராக இருந்தது.

"புத்தகத்துல இருக்கு. பார்த்துக்கோ" என்றாள்.

அவன் முகம் சுருங்கிப் போனது. "சரிக்கா" என்று நோட்டை மடக்கிக்கொண்டு கிளம்பினான்.

வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவன் அவளிடம் பாடம் கேட்டு வந்திருக்கிறான். அவள் சொல்லித்தரவில்லை. கூப்பிட்டுவிடலாமா என்று ஜன்னல் பக்கம் போனாள். அவன் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தான். கூப்பிடவில்லை.

மேஜையில் தொட்டித் தண்ணீர்க் குப்பி வந்து காத்திருந்தது. உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள்.