எண்ணெய் பூசிய காலின் படம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் படம் எடுப்பதென்றால் கல்யாணத்துக்கு, இல்லாவிட்டால் அடையாள அட்டைக்கு. அதனால், என் முழங்காலுக்குக் கீழே வெளுத்திருந்த தேமலைப் படம் பிடித்துப் நுவரெலியா ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்கு அனுப்பப் போவதாக, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரி ஐயா சொன்னதும், குளித்து, காலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பல்பு வெளிச்சத்தில் ஒரே படம். பளபளப்புதான் தெரிகிறது, எதுவும் சொல்ல முடியாது என்று மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது.

வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்குப் புதிதாக வந்த நர்ஸம்மாவிடம் போனேன். அன்றும் எண்ணெய்தான்.

"தொடைங்க தாத்தா. பொண்ணு பாக்கவா கெளம்புனீங்க?"

ஜன்னலோரம் உட்கார வைத்தார். எப்படிப் படம் எடுப்பது, என்னென்ன கேட்பது என்று அச்சடித்த ஒரு தாளைப் பார்த்துப் பார்த்து, தள்ளி நின்று ஒரு படம், கிட்டத்தில் ஒன்று, அளவுகோல் வைத்து ஒன்று, மற்றக் காலையும் ஒன்று எடுத்தார். எப்போதிருந்து இருக்கு, அரிக்குதா, என்ன பூசினீங்க, வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்றெல்லாம் கேட்டார்.

"கண்ண மூடுங்க. பஞ்சு பட்டா சொல்லுங்க."

காத்திருந்தேன். "எப்பம்மா தொடுவீங்க?"

"நாலு தடவ தொட்டுட்டேன் தாத்தா."

மறுநாளே பெரிய டாக்டரிடமிருந்து பதில். தொழுநோயாக இருக்கலாம், மாத்திரையில் குணமாகும், தாமதித்தால் நரம்பு கெடும், உடனே நுவரெலியாவுக்கு வரட்டும்.

மூன்று வாரம் வீணாய்ப் போச்சே என்று நேரே டிஸ்பென்சரிக்குப் போனேன்.

"ஐயா, அந்தக் கேள்வித் தாள் ஒங்ககிட்ட இல்லீங்களா?"

"இருக்கு, மேச லாச்சில பூட்டி வச்சிருக்கேன்."

"அப்ப என் காலயும் அதுலயே வச்சிப் பூட்டுங்க!" என்று கத்திவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.