நாற்பதில் ஒன்று, நான்கில் ஒன்று

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இளவயதில் வேலை கிடைத்தால் தலை கொஞ்சம் கனக்கும். எனக்கு ரொம்பவே கனத்தது. மாணவர்கள் எதிர்த்து ஒரு கேள்வி கேட்டால் முகம் சிவந்துவிடும். முன்கோபி என்று வீட்டில் சொல்வார்கள். கண்டிப்பானவள் என்று நான் சொல்லிக்கொள்வேன்.

மூன்றாமாண்டு மாணவர்களுக்குக் கணினிக் கட்டமைப்புப் பாடம் எனக்கு வந்தது. அதில் கேஷ் என்று ஒரு பகுதி. விஷயம் சுலபம். கணினியின் மூளையான பிராசஸருக்கு ஏதாவது ஒரு தகவல் வேண்டுமென்றால், முதலில் தன் பக்கத்திலேயே இருக்கும் சின்ன கேஷில் தேடும். அங்கே இல்லையென்றால் கொஞ்சம் தள்ளியிருக்கும் பெரிய கேஷில் தேடும். அங்கேயும் இல்லையென்றால் மெயின் மெமரிக்குப் போக வேண்டும். தள்ளிப் போகப் போக நேரம் கூடும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு தகவலுக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு.

இரண்டாவது இன்டர்னல் தேர்வில் எட்டு மதிப்பெண்ணுக்கு இதையே கேட்டேன். கணினி நேரத்தைச் சைக்கிள் என்ற அலகில் எண்ணும். முதல் கேஷில் தேட ஒரு சைக்கிள், இரண்டாவதில் தேடப் பத்து, மெமரிக்குப் போனால் நூறு. ஆயிரம் முறை தேடினால் முதல் கேஷில் நூறு முறை கிடைப்பதில்லை, இரண்டாவதிலும் இருபது முறை கிடைப்பதில்லை. சராசரி என்ன? விடை 2.2 என்று என் விடைக் குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். ஐம்பத்து நான்கு பேர் தேர்வு எழுதினார்கள். கணக்கை முடித்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் 2.2 என்றே எழுதியிருந்தார்கள். என் பாடம் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது பார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

ஒருத்தி மட்டும் 4 என்று எழுதியிருந்தாள். சிவகாசிப் பெண். அப்பா பட்டாசுக் கடை வைத்திருந்தார். சூத்திரம் எதுவும் இல்லாமல் மூன்றே வரி. ஆயிரம் தடவை ஒன்று, நூறு தடவை பத்து, இருபது தடவை நூறு. மொத்தம் நாலாயிரம், ஆயிரத்தால் வகுத்தால் நான்கு. நான் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "சூத்திரம் எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதிப் பூஜ்யம் போட்டேன். இந்தக் கணக்கைப் போர்டில் போட்டுக் காட்டிய வாரம் அவள் வகுப்பிலேயே இல்லை. ஆயுத பூஜையை ஒட்டி, சீசன் என்று அப்பா கடைக்குக் கூட்டிப் போய்விட்டார். அந்த எட்டு மதிப்பெண் போனதில் ஐம்பதுக்குப் பதினேழு வாங்கித் தேர்வில் தோற்றாள். பாஸாக இருபத்தைந்து வேண்டும்.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. இன்டர்னலில் தோற்றால் வீட்டுக்குக் கடிதம் போகும். அப்பா நேரில் வந்து துறைத் தலைவர் அறையில் நின்று கையெழுத்துப் போட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், அந்தக் கணக்கு சரிதான் மேடம். ஒருக்கா பாருங்களேன்."

"அம்பத்து மூணு பேருக்குத் தெரிஞ்சது உனக்கு மட்டும் தெரியலையா? சூத்திரத்தைப் படிச்சிட்டு வா."

"கடுதாசி போச்சுன்னா அப்பா என்னைய நிப்பாட்டிருவாக மேடம். சேத்துவிடும்போதே சொல்லிட்டாக. காலேஜ்ல இருந்து ஒரு தடவ கூப்பிட்டாலும், பேசாம கடையில வந்து உக்காந்துக்கன்னு."

"அதைப் பரீட்சைக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திரும்பிப் போனாள். கடிதம் திங்கட்கிழமை தபாலில் சேர வேண்டியது. என் மேசை டிராயரில் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மறுநாள் சனிக்கிழமை நான் அவள் கடைக்கே போக வேண்டியிருந்தது. தீபாவளிக்கு ஸ்டாஃப் ரூம் மொத்தத்துக்கும் ஒரே பட்டியலாகப் போட்டு, ஒருத்தர் சிவகாசி போய் வாங்கி வருவது எங்கள் வழக்கம். வழக்கமாக வாங்கும் கடை அவர்களுடையது. புதிதாகச் சேர்ந்தவள் தலையில் அந்த வேலையைக் கட்டிவிட்டார்கள். மறுக்கவும் முடியவில்லை, என்ன காரணம் சொல்வது என்றும் தெரியவில்லை. பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடையில் கூட்டம் அலைமோதியது. கல்லாவுக்குப் பக்கத்தில் அவள் பில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, "எங்க காலேஜ் மேடம்ப்பா" என்றாள். அவள் அப்பா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"வாங்க டீச்சரம்மா, உக்காருங்க. சாப்பிட்டீகளா? எம் புள்ள எப்படிப் படிக்கிறா?"

நான் பட்டியலை நீட்டினேன். அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லைதான்.

பட்டியலில் நாற்பது உருப்படிகள். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்குச் சக்கரம், ராக்கெட் என்று கடை அலமாரியிலிருந்தே முப்பத்தாறு மளமளவென்று வந்து விழுந்தன. நான்கு இல்லை. அந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதி, ஊருக்கு வெளியே இருந்த குடோனுக்கு ஆளை மொபெட்டில் அனுப்பினார். கால் மணி நேரத்தில் மூன்று வந்தன. பாம்பு மாத்திரை மட்டும் வரவில்லை. பட்டியலிலேயே அற்பமான சாமான் அதுதான். ஆனால் எங்கள் துறைத் தலைவர் தன் பேரனுக்காக எழுதியது. அதை விட்டுவிட்டுப் போனால் திங்கட்கிழமை நான் கல்லூரிக்குள் நுழைய முடியாது.

"வெம்பக்கோட்டை கம்பெனிக்குப் போன் போட்டுட்டேன். லோடு வேன்ல குடுத்து விடுவாக. ஒன்றரை மணி நேரம் ஆகும். செத்த பொறுங்க" என்றார்.

அதற்குள் குடோனிலிருந்து போன் வந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவர் போல. போனை வைக்காமலே அவள் அப்பா சத்தம் போட்டார்.

"என்னலே, நாலு சாமான் கேட்டா ஒண்ணு இல்லைங்கிற? நாலுல ஒண்ணு இல்லன்னா அது என்னலே குடோனு?"

பிறகு என் பக்கம் திரும்பி, குரலை அப்படியே மாற்றிக்கொண்டு சொன்னார்.

"நாப்பது சாமானுல ஒண்ணே ஒண்ணுதான் டீச்சரம்மா பாக்கி. நம்ம கடையில அம்புட்டுக் குறை வராது."

அதே பாம்பு மாத்திரை. குடோன்காரரிடம் நான்கில் ஒன்று, என்னிடம் நாற்பதில் ஒன்று. இரண்டும் பொய் இல்லை. குடோனுக்குப் போனதே நான்குதான், அதனால் அங்கே திட்டும்போது நான்கால் வகுக்க வேண்டும். வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தும்போது முழுப் பட்டியலால் வகுக்க வேண்டும். அவருக்கு அது இயல்பாக வந்தது.

 என் கணக்கு மண்டைக்குள் ஓட ஆரம்பித்தது. இருபது முறை கிடைக்கவில்லை என்பதை நான் ஆயிரத்தால் வகுத்து இரண்டு சதவீதம் ஆக்கினேன். அது மொத்தத்துக்கான வீதம். அதைக் கொண்டுபோய், ஏற்கனவே முதல் கேஷில் கிடைக்காத பத்து சதவீதத்தால் இன்னொரு முறை பெருக்கினேன். சூத்திரம் அந்த இடத்தில் கேட்பது இரண்டாவது கேஷுக்கு வந்தவற்றில் மட்டும் எத்தனை கிடைக்கவில்லை என்பதை. வந்தது நூறு, கிடைக்காதது இருபது. இருபது சதவீதம். இருபது சதவீதத்தை நூறு சைக்கிளால் பெருக்கினால் இருபது, அதோடு பத்தைக் கூட்டினால் முப்பது, அதில் பத்தில் ஒரு பங்கு மூன்று, முதல் கேஷின் ஒன்றையும் சேர்த்தால் நான்கு. அவள் எழுதிய நான்கு.

இந்தப் பட்டியலை என் வழியில் போட்டிருந்தால் எப்படி இருக்கும் என்றும் பார்த்தேன். குடோனுக்குப் போன நான்கு சாமானில் நாற்பதில் ஒரு பங்குதான் வெம்பக்கோட்டைக்குப் போக வேண்டும். அதாவது ஒரு சாமானில் பத்தில் ஒரு பங்கு. என் கணக்கு சரியாக இருந்தால் நான் இந்நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து பாதி வழி போயிருக்க வேண்டும். ஆனால் ஒரு முழுப் பெட்டி பாம்பு மாத்திரைக்காக ஸ்டூலில் உட்கார்ந்து மூன்றாவது கலர் சோடாவைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவளைப் பார்த்தேன். அவள் பில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பேச்சு அவள் காதிலும் விழுந்திருந்தது.  அவள் இடத்தில் நான் இருந்தால் பேசியிருப்பேன், கடை அதிரப் பேசியிருப்பேன். எனக்கு அவமானமாக இருந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னேன்.

"நாலுதான் சரி. தப்பு என்னோடது. கடுதாசி போகாது."

அவள் தலையைக் குனிந்துகொண்டு பில்லை எழுதினாள். கண்ணீர் சொட்டி எழுத்து கலைந்துவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாகத் துறைத் தலைவரிடம் போய் பாம்பு மாத்திரையை வைத்தேன், அடுத்து என் தப்பை வைத்தேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மத்தவங்களுக்கெல்லாம் மார்க்கைக் குறைச்சா எத்தனை பேர் பெயில்?"

"பதினாலு பேர் சார்."

"பதினாலு அப்பாமாரை என் ரூம்ல நிறுத்தணுமா? நீ சொல்லிக்குடுத்ததைத்தான எழுதியிருக்காங்க. அவங்க மார்க் அப்படியே இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு எட்டையும் போடு. கிளாஸ்ல போய்த் திருத்தி நடத்து."

போர்டில் என் பழைய கணக்கை எழுதி, அதன் குறுக்கே நானே கோடு இழுத்து, "சூத்திரம் இருந்தது, யோசனை எங்கே?" என்று எழுதினேன். வகுப்பு விசிலடித்தது. அன்றைக்கு நான் கோபப்படவில்லை. அதற்குப் பிறகு எந்த வீதத்தைப் பார்த்தாலும் இது எதில் எத்தனை என்று முதலில் கேட்காமல் நான் பேனாவைத் தொட்டதில்லை.

தீபாவளி முடிந்த மறுவாரம் அவள் அப்பா கல்லூரிக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. கையில் பலகாரப் பை இருந்தது.

"எம் மக எல்லாத்தையும் சொல்லிட்டா டீச்சரம்மா. பதினேழுதான் வாங்குனேன், ஒரு கணக்கு தப்பாப் போயி, அப்புறந்தான் எட்டு வந்துச்சுன்னு."

"அவ கணக்கு தப்பில்லைங்க. என்னோடதுதான் தப்பு" என்றேன்.

"அது இருக்கட்டும். மிச்ச மார்க்கு எங்க போச்சுன்னு கேட்டேன். கடைக்கு வந்த வாரத்துல நடத்துன பாடம்லாம் எனக்குத் தெரியலப்பான்னா." பலகாரப் பையை மேசைமேல் வைத்தார். "வருசத்துல ஒரு வாரந்தானன்னு நெனைச்சுட்டேன். பரீட்சைக்கு நடத்துன வாரத்தால வகுக்காம வருசத்தால வகுத்திருக்கேன். இனிமே காலேஜ் இருக்க நாள்ல அவளைக் கடைக்குக் கூப்பிட மாட்டேன்."

அடுத்த வருடமும் அதே வகுப்புக்கு ஒரு பாடம் எனக்கு வந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலி. சிவகாசிப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் சீசனுக்குப் போயிருந்தார்கள். வருகைப் பதிவை வாசித்துக்கொண்டே வந்தேன். அவள் பெயர் வந்ததும், முதல் பெஞ்சிலிருந்து, தேவைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தத்தில், "பிரசன்ட் மேடம்" என்றாள்.