முப்பது ரூபாய்த் தள்ளு

ஹேவாஹெட்டக் காப்பித் தோட்டங்களிலிருந்து மூட்டைகள் மாட்டுவண்டிகளில் கண்டிக்கு வந்துகொண்டிருந்த காலம். நான் ஒரு காப்பிக் கிடங்கில் கணக்கெழுதினேன். ஞாயிறுகளில் பலசரக்குக் கடை முதலாளி நடத்திய ஏலச் சீட்டுக்கும் நானே கணக்கு. எனக்கும் அதில் ஒரு சீட்டு உண்டு.

பத்துப் பேர், பத்து மாதம், ஆளுக்குப் பத்து ரூபாய். முதல் மாதத்து நூறு ரூபாய் சீட்டு நடத்துகிறவருக்கு. அடுத்த மாதத்திலிருந்து ஏலம். நூறில் யார் அதிகமாகத் தள்ளிக் கொடுக்கிறாரோ அவருக்கே மீதிப் பணம். தள்ளிய தொகையைப் பத்தாகப் பிரித்து எல்லோருக்கும் கட்டும் பணத்தில் கழிப்போம். அவசரக்காரர் தள்ளுவது பொறுத்திருப்பவருக்கு லாபம். நான் எப்போதும் பொறுத்திருப்பவன். முந்திய சீட்டில் எண்பத்தேழு ரூபாய் கட்டி, கடைசி மாதத்தில் நூறு வாங்கினேன். ஒவ்வொரு தவணையும் எத்தனை மாதம் கிடந்தது என்று பெருக்கிப் பார்த்தால், நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் நாற்பது சதம் வட்டி. வட்டிக்குக் கொடுக்கும் செட்டியாரே இரண்டு ரூபாய்தான் வாங்குவார்.

இரண்டாம் மாத ஏலத்தன்று கடைக்குள் புழுக்கம். ஏலம் கேட்டவர்கள் இருவர். ஒருவர் அக்குறணைத் துணி வியாபாரி. மற்றவர் வண்டிக்காரர்; அவருடைய மாடு அந்த வாரம்தான் செத்திருந்தது. அறுவடை முடிவதற்குள் வேறு மாடு வாங்காவிட்டால் அந்த வருஷப் பிழைப்பே போய்விடும். பத்து, பதினைந்து, இருபது என்று ஏறியது. வியாபாரி இருபத்தைந்து என்றார். வண்டிக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முப்பது என்றார்.

முதலாளி ஒருதரம் என்றார். நான் பென்சிலால் கணக்கேட்டின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். இன்று எழுபது, பொறுத்தால் எட்டு மாதம் கழித்து நூறு. எழுபது ரூபாய்க்கு எட்டு மாதத்தில் முப்பது ரூபாய் போகிறது. நூற்றுக்கு மாதம் ஐந்தே காலுக்கு மேல். அந்த முப்பதில் மூன்று ரூபாய் எனக்கும் வரும். இரண்டுதரம் என்ற குரல் கேட்டது.

"அண்ணே, கேக்காதீங்க," என்றேன். "இதே எழுபத செட்டியார்கிட்ட வாங்குங்க. எட்டு மாசத்துக்கு வட்டி பதினோரு ரூபா இருபது சதம். கடைசில சீட்டு நூறு ரூபாய எடுத்து அடைச்சா, பதினெட்டே முக்காலுக்கு மேல உங்க கையில நிக்கும்."

எழுதுவது மட்டும்தான் என் வேலை என்று முதலாளி பல்லைக் கடித்தார். மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் அவரவர் மூன்று ரூபாய் தெரிந்தது. வண்டிக்காரர் மட்டும் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "செட்டியார் ஜாமீன் கேப்பாரு. எனக்கு யாரு நிப்பா?"

இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. கணக்குச் சொல்வது சுலபம். என் சம்பளத்தை நினைத்தேன், வீட்டில் இருந்த மூன்று பிள்ளைகளை நினைத்தேன். முதலாளியின் வாய் மூன்றுதரம் சொல்லத் திறந்துவிட்டது.

"நான் நிக்கிறேன்."

வண்டிக்காரர் விலகினார். முந்தின ஏலக் கேள்வி நிற்கும் என்று முதலாளி தீர்ப்புச் சொல்ல, சீட்டு இருபத்தைந்து ரூபாய்த் தள்ளுக்கு வியாபாரி தலையில் விழுந்தது. அவருக்கும் நூற்றுக்கு மாதம் நாலு ரூபாய்க்கு மேல்தான் வட்டி. அவர் எழுபத்தைந்து ரூபாயை எண்ணி மடியில் கட்டிக்கொண்டு என் முன் வந்து நின்றார்.

"அவருக்குச் சொன்ன கணக்க எனக்கும் சொல்லியிருக்கலாந்தானே?"

அவர் பதினைந்து என்றபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினாலு ரூபாய்க்கு மேல் தள்ளினால் செட்டியாரே மலிவு என்பதை நான் வேண்டுமென்றே கணக்குப் போடாமல் இருந்தேன்.

செட்டியார் கடையில் நான் ஜாமீன் எழுத, வண்டிக்காரர் எழுபது ரூபாயை வாங்கிக்கொண்டு மாடு பார்க்கப் போனார். அன்றிரவே மனைவியிடம் சொன்னேன். அதற்குப் பிறகு ஏழு மாதம், காப்பி இலையில் மஞ்சள் பொடி பூக்கும் நோய் பரவுகிறது என்று யாராவது கிடங்கில் சொன்னால், எந்தத் தோட்டம் என்று கேட்பேன். தோட்டம் விளையாவிட்டால் வண்டி ஓடாது. வண்டி ஓடாவிட்டால் கடன் என் தலையில். ஐந்தாம் மாதம் வண்டிக்காரர் சீட்டுத் தவணை கட்ட வரவில்லை. நான்கு நாள் அவரைத் தேடி அலைந்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சலில் மெலிந்த உடம்போடு வந்து ஒன்பது ரூபாயை வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஏலத்துக்குப் பிறகு யாரும் பத்து ரூபாய்க்கு மேல் தள்ளவில்லை. ஒன்பதாம் மாதம் நானும் வண்டிக்காரரும்தான் மிச்சம். கேட்க ஆளில்லாததால் குலுக்கிப் போட்டார்கள். அவர் பெயர் வந்தது. அன்றே செட்டியாரிடம் எழுபத்தொன்பது ரூபாய் எண்பது சதம் எண்ணிக்கொடுத்தோம். இருபது ரூபாய் இருபது சதம் அவர் கையில் நின்றது. அவர் என்னைக் கும்பிட வந்தார். நான் தடுத்துவிட்டு, செட்டியாரிடமிருந்து ஜாமீன் காகிதத்தை வாங்கிக் கிழித்தேன்.

கடைசி நூறு எனக்கு வந்தது. கட்டியது தொண்ணூற்றொன்றரை ரூபாய். அந்த முறை என் வட்டி நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாயைச் சற்றே தாண்டியது. அடுத்த சீட்டுக்குக் கணக்கெழுத முதலாளி வேறு ஆளை வைத்துக்கொண்டார்.