ஜீரோ பர்சென்ட் ஸ்கூட்டர்

இண்டூரிலிருந்து தர்மபுரிக்கு வேலைக்குப் போய்வர எனக்கு ஸ்கூட்டர் வேண்டியிருந்தது. தக்காளி விற்ற பணம் ஒரு லட்சம் கையில் இருந்தது. அந்த வாரம் பார்த்தா கிணற்று மோட்டார் எரிய வேண்டும்! அதை மாற்றாவிட்டால் பயிர் காய்ந்துவிடும். அதனால் பாதிப் பணமாவது கையில் நிற்க வேண்டும்.

ஷோரூமில் வண்டி விலை ஒரு லட்சம். "மொத்தமா ரொக்கம் கட்டுனா ஆறாயிரம் தள்ளுபடிங்க. இல்லன்னா நாப்பதாயிரம் கட்டிட்டு, மீதிய மாசம் ஐயாயிரமா ஒரு வருசம் கட்டுங்க. ஜீரோ பர்சென்ட், வட்டியே இல்லைங்க" என்றார் விற்பனையாளர்.

"அதையே போடுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

சும்மா கடன் கொடுக்க இவர்கள் என்ன மாமனா, மச்சானா? எனக்குக் குடைச்சல் தாங்கவில்லை.

"ஜீரோவுக்கும் அந்தத் தள்ளுபடி உண்டுங்களா?"

"வராதுங்க. அந்தக் காசத்தான் கடன் குடுக்கறவங்களுக்கு வட்டியா கம்பெனி கட்டுது."

"வேற செலவு?"

தலையைச் சொறிந்தார். "கடன் பேப்பருக்கு பைல் சார்ஜ் ஆயிரத்தைந்நூறுங்க."

அடேயப்பா! வீட்டுக்காரரை எதிரே இருந்த டீக்கடைக்கு இழுத்துப் போனேன். ரொக்கம் என்றால் தொண்ணூற்று நாலாயிரம். ஜீரோவில் இன்று கொடுப்பது நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு. ஆக, நிஜக் கடன் ஐம்பத்திரண்டாயிரத்து ஐந்நூறுதான். திருப்பிக் கட்டுவதோ அறுபதாயிரம். கூடுதலாகப் போவது ஏழாயிரத்து ஐந்நூறு. மாசாமாசம் கடன் குறைந்துகொண்டே வரும் என்பதையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய் வட்டிக்கு மேலேயே வந்தது. இதுக்குப் பேர் ஜீரோவா!

"ஏங்க, என் செயினைக் கூட்டுறவு பேங்க்ல வெப்போம். நூத்துக்கு மாசம் ஒரு ரூபா வட்டி கூட வராது. அதே ஐயாயிரத்த மாசாமாசம் அங்க கட்டுனா மொத்த வட்டி மூவாயிரத்தோட முடிஞ்சிரும். வண்டிக்கு ரொக்கம் கட்டிரலாம், மோட்டாருக்கும் காசு நிக்கும்."

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"வேண்டாம்."

"கணக்கு புரியலயாங்க?"

"புரியாம என்ன? ரொக்கத்துக்குக் கொறைக்கறான்னா ஜீரோவுல ஏத்தி வெச்சிருக்கான்னுதான அர்த்தம். உள்ள வரும்போதே தெரியும்."

"தெரிஞ்சுமா தலையாட்டுனீங்க?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"போன தடவ போர்வெல் போட அந்தச் செயின வெச்சோம். திருப்ப மூணு வருசம் ஆச்சு. அந்த மூணு வருசத்துல ஒரு கல்யாணத்துக்கு வந்தியா நீ? ஒவ்வொரு தடவையும் தலவலின்னு சொன்ன. நாலாயிரம் அஞ்சாயிரம் கூடப் போனாப் போவட்டும், உடு."

தலைவலி என்றதை அவர் நம்பிவிட்டார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எழுந்து ஷோரூமுக்குள் போய், ஜீரோ பர்சென்ட்டுக்கே கையெழுத்துப் போட்டேன்.